346-லிருந்து எண்ணுவது

திண்டுக்கல்லில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்குப் பூட்டும் தோலும் சோறு போடாது. நூல் மில்தான் போடும். வேடசந்தூர், வடமதுரை, நத்தம் என்று எந்தச் சாலையில் போனாலும் ஒரு மில் உண்டு. எந்த மில்லிலும் பழுதான ஒரு கார்டு மேஜை டிராயரில் காத்துக்கொண்டிருக்கும். டைமர், இன்வெர்ட்டர் டிரைவ், நூல் கிளியரர் என்று எத்தனையோ கைக்கு வந்தன. அவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கையடக்கமான ஒரு விளக்குப் பெட்டி. மில்லில் அதை ஸ்ட்ரோப் லைட் என்பார்கள்.

அது எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரிங் ஃப்ரேமில் நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள் வரிசையாகச் சுற்றும். நிமிடத்துக்கு 16000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நாற்பதாம் நம்பர் நூலுக்கு அங்குலத்துக்குச் சுமார் 25 முறுக்கு வேண்டும் என்றால், முன் ரோலர் நிமிடத்துக்கு 640 அங்குலம் நூலை வெளியே விட வேண்டும். ரோலர் எல்லா ஸ்பிண்டிலுக்கும் பொது. ஸ்பிண்டிலைச் சுழற்றும் டேப் பொது அல்ல. ஒரு டேப் தளர்ந்து, அதில் ஓடும் ஸ்பிண்டில் மட்டும் 15500-க்கு இறங்கினால் ரோலர் அதற்காகக் காத்திருக்காது. அதே 640 அங்குலத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காப்பில் முறுக்கு 24-க்கு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. தறிக்குப் போய் அறுந்த பிறகுதான் தெரியும்.

ஸ்ட்ரோப் லைட்டை நிமிடத்துக்கு 16000 முறை மின்ன வைத்து ஸ்பிண்டில் மேல் அடித்தால், 16000-ல் ஓடும் ஸ்பிண்டில் அப்படியே நிற்பதுபோல் தெரியும். அதில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தால் கோடு ஓரிடத்தில் நிற்கும். நூறு சுற்று குறைவாக ஓடும் ஸ்பிண்டிலில் அதே கோடு நிமிடத்துக்கு நூறு சுற்று வேகத்தில் பின்னோக்கிப் போகும். ஃப்ரேமின் ஓரமாக விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும், சோம்பேறி ஸ்பிண்டில்கள் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1930-களில் செய்து காட்டிய வித்தைதான் இது.

பழைய பெட்டிகளில் மின்னும் வேகத்தை ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் முடிவு செய்யும். வெளியே ஒரு பெரிய டயல். காலையில் 16000 என்று வைத்தது, ஷெட்டின் சூட்டில் மதியத்துக்குள் எங்கோ நகர்ந்திருக்கும். அதைச் சரிபார்க்க மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸோடு ஒப்பிடுவார்கள். அது நிமிடத்துக்கு 3000. ஆனால் தென்னக மின்தொகுப்பு 50-ல் நிற்காத காலம் அது. பற்றாக்குறை நாட்களில் 48.5 வரை இறங்குவது சாதாரணம். 48.5-ஐ 50 என்று நம்பி டயலைத் திருத்தினால் 16000-ல் 480 சுற்று தவறும். தேடுவதே நூறு இருநூறு சுற்று வித்தியாசத்தை. அளவுகோலே 480 பிசகினால் எதைப் பிடிப்பது?

ஆகவே மில் லேப்காரர்கள் கேட்டது கிரிஸ்டல் வைத்த பெட்டி. 1 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் பல்ஸ், நிமிடத்துக்கு ஆறு கோடி. இந்த ஆறு கோடியை வேண்டிய சுற்றால் வகுத்தால் எத்தனை பல்ஸுக்கு ஒருமுறை விளக்கு மின்ன வேண்டும் என்று கிடைத்துவிடும். 15000-க்கு 4000. 16000-க்கு 3750. மீதமே இல்லை. ஓர் எண் தள்ளி 3751 வைத்தால் 15996 சுற்று. நான்கு சுற்றுக்கு ஒரு படி என்பது மில்லுக்குத் தாராளம்.

பத்து லட்சத்தைப் பத்தாலும் நூறாலும் வகுப்பது எளிது. 3750-ஆல் வகுக்கவும், அடுத்த நொடியே 3529-ஆல் வகுக்கவும் ஒரே சர்க்யூட் வேண்டும் என்பதில்தான் வேலை இருக்கிறது.

பாடப்புத்தகத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படும் வழி இதுதான்: பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டே போ, 3750 வந்ததும் ஒரு நேண்ட் கேட் அதைக் கண்டுபிடித்து ரீசெட் காலை இழுக்கட்டும். 3750-ஐ பைனரியில் எழுதினால் ஏழு ஒன்றுகள் வரும். அந்த ஏழும் சேர்ந்தால் ரீசெட். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பல பெட்டிகள் இப்படியே வந்தன, 7493 வரிசையோடு. கோளாறு எங்கே என்றால், ரீசெட் கொடுத்த நொடியில் ஏழு ஃபிளிப்-ஃபிளாப்பில் வேகமானது எதுவோ அது முதலில் பூஜ்யமாகிவிடும். அது பூஜ்யமானதும் நேண்ட் கேட் ‘3750 போய்விட்டது’ என்று ரீசெட்டை விட்டுவிடும். மெதுவாக ஓடுகிற ஃபிளிப்-ஃபிளாப் கோட்டைத் தொடுவதற்குள் முதலில் வந்தவன் விசிலை நிறுத்திவிட்டுப் போன கதை. சில பிட்டுகள் அழியாமல் தங்கிவிடும். அடுத்த சுற்று பூஜ்யத்திலிருந்து தொடங்காது, 128-லிருந்தோ 512-லிருந்தோ தொடங்கும். பெஞ்சில் வைத்துப் பார்க்கும்போது நன்றாக ஓடும். மில்லில் வோல்டேஜ் மாறும்போது ஓடாது.

இதை எதிர்திசையில் செய்தால் சிக்கல் போய்விடுகிறது. 3750 வரை எண்ணி நிறுத்தாமல், எல்லா கவுண்டருக்கும் இயல்பாக இருக்கும் கடைசி எண் வரை எண்ணவிட்டு, தொடங்கும் எண்ணை மட்டும் நாம் முடிவு செய்வது. 74எல்எஸ்161 என்ற ஐசி இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். நான்கு பிட் கவுண்டர், 0 முதல் 15 வரை. நான்கு டேட்டா கால்களில் ஓர் எண்ணை வைத்து லோடு காலைத் தாழ்த்தினால் அந்த எண் உள்ளே ஏறும். எப்போது ஏறும் என்பதுதான் விஷயம். லோடைத் தாழ்த்திய உடனே ஏறாது. அடுத்த கிளாக் விளிம்பு வரும்வரை காத்திருந்து, அந்த விளிம்பில்தான் ஏறும். எண்ணுவதும் அதே விளிம்பில், ஏற்றுவதும் அதே விளிம்பில். முந்தியவன் பிந்தியவன் என்ற பேச்சே இல்லை.

மூன்று ஐசிகளைச் சேர்த்தால் 0 முதல் 4095 வரை, மொத்தம் 4096 நிலை. 4096-ல் 3750 போனால் 346. கவுண்டரை 346-லிருந்து தொடங்கவிட்டு 4095 வந்ததும் லோடைத் தாழ்த்தினால், அடுத்த விளிம்பில் மறுபடி 346. இரண்டு முனையையும் சேர்த்து எண்ணினால் 346 முதல் 4095 வரை சரியாக 3750 நிலை. 346 என்பது 256-ம் 80-ம் 10-ம் சேர்ந்தது. ஆகவே மேல் ஐசியில் 1, நடுவில் 5, கீழே 10. டேட்டா கால்களில் ஸ்விட்சுகளை 0001, 0101, 1010 என்று வைத்தால் வேலை முடிந்தது. 4095 வந்ததைக் கண்டுபிடிக்கத் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஐசியிலும் 15-வது காலில் கேரி என்று ஒரு வெளியீடு உண்டு. ஐசி 15-ல் நிற்கும்போது அது உயரும். கடைசி ஐசியின் கேரியை ஓர் இன்வெர்ட்டர் வழியாகத் திருப்பி, மூன்று ஐசிகளின் லோடு காலுக்கும் கொடுத்தால் போதும்.

ஐசிகளைத் தொடுத்துக் கட்டும் இடத்தில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். கிளாக் மூன்றுக்கும் ஒன்றாக, நேராகப் போக வேண்டும். முதல் ஐசியின் கேரியை அடுத்ததன் கிளாக் காலில் மாட்டுகிறவர்கள் உண்டு. பழைய ரிப்பிள் கவுண்டர் பழக்கம். அப்படி மாட்டினால் லோடு தாழ்ந்திருக்கும்போது மேல் ஐசிகளுக்கு விளிம்பே வராது, எண்ணும் ஏறாது. கேரியை எனேபிள் காலில்தான் மாட்ட வேண்டும். 161-ல் எனேபிள் கால் இரண்டு: பி, டி. இரண்டும் உயர்ந்திருந்தால்தான் ஐசி எண்ணும். அப்படியானால் எதில் மாட்டினால் என்ன என்று தோன்றும். வித்தியாசம் கேரியில் இருக்கிறது. டி கால் தாழ்ந்திருந்தால் ஐசி 15-ல் நின்றாலும் கேரி வெளியே வராது. பி கால் கேரியைத் தொடுவதே இல்லை.

ஒரு பாலிடெக்னிக் மாணவர் தன் ப்ராஜெக்ட் போர்டைக் கடைக்குக் கொண்டுவந்தார். “அண்ணே, எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஸ்விட்ச்சும் 346-தான் வெச்சிருக்கேன், வேகம் மட்டும் சரியா வரல” என்றார். ஃப்ரீக்வென்ஸி கவுண்டரில் மாட்டினால் 266.67 வர வேண்டிய இடத்தில் 6060 ஹெர்ட்ஸ். பத்து லட்சத்தை 6060-ஆல் வகுத்தால் 165. 3750-க்குப் பதில் போர்டு 165-ஆல் வகுக்கிறது.

அந்த 165-ஐப் பார்த்ததும் போர்டைத் திருப்பாமலே கோளாறைச் சொல்லிவிடலாம். கேரியை பி காலில் தொடுத்து, டி கால்களையெல்லாம் 5 வோல்ட்டில் கட்டியிருக்கிறார். நடப்பது இது. கீழ் ஐசி 10-லிருந்து புறப்படுகிறது. ஆறாவது பல்ஸில் சுழன்று பூஜ்யமாக, நடு ஐசி 5-லிருந்து 6 ஆகிறது. பிறகு 16 பல்ஸுக்கு ஒன்று ஏறி, 150-வது பல்ஸில் நடு ஐசி 15-க்கு வருகிறது. இப்போது அதன் கேரி உயரும். டி கால் நிரந்தரமாக மேலேயே இருப்பதால், கீழ் ஐசி எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் அடுத்த 16 பல்ஸும் அந்தக் கேரி உயர்ந்தே நிற்கும். மேல் ஐசி அந்தப் பதினாறில் ஒருமுறை மட்டும் எண்ண வேண்டியது; ஒவ்வொரு பல்ஸுக்கும் எண்ணிவிடும். 1-லிருந்து 15 வரை போக 14 பல்ஸ், ஆக 164. அதற்கு அடுத்த பல்ஸில் லோடு. மொத்தம் 165. இரண்டு கம்பியை பி காலிலிருந்து எடுத்து டி காலுக்கு மாற்றினார், கவுண்டர் 266.67 காட்டியது. கீழ் ஐசியின் கேரி நடு ஐசியின் டி-க்கு, நடு ஐசியின் கேரி மேல் ஐசியின் டி-க்கு. பி கால்கள் 5 வோல்ட்டில். இதுதான் இணைப்பு.

வெளியே வரும் பல்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. கேரி ஒரே ஒரு கிளாக் நேரம்தான் உயர்ந்திருக்கும், அதாவது ஒரு மைக்ரோநொடி. எல்.இ.டி.க்கு அது போதாது. வெளிச்சம் மங்கலாக இருக்கும். ஒரு 74எல்எஸ்123 போட்டு பத்து மைக்ரோநொடியாக நீட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் நீட்டினால் கோடு மசமசவென்று தெரியும். 16000-ல் ஓடும் ஸ்பிண்டில் பத்து மைக்ரோநொடிக்குள் ஏறத்தாழ ஒரு டிகிரி திரும்பிவிடுகிறது.

மேஸ்திரிக்கு பைனரி ஸ்விட்ச் ஆகாது. அவருக்கு விரலால் உருட்டும் எண் சக்கரம் வேண்டும். அதற்கு 161-க்குப் பதிலாக 160; கால்கள் அதே, 9 வரை மட்டும் எண்ணும். நான்கு ஐசி, 10000 நிலை. 3750-க்கு 6250 ஏற்ற வேண்டும். மேஸ்திரியை 6250 உருட்டச் சொல்வது அழகல்ல என்று, எண்ணை 9-லிருந்து கழித்துத் தரும் சக்கரங்களைப் போடுவார்கள். 3750 உருட்டினால் அவை 6249 தரும். அதனால் 3751-ஆல் வகுபடும். எப்போதும் ஒன்று அதிகம். மில் வேலைக்கு இந்த ஒன்று பெரிதல்ல. ஆனால் அதே பெட்டியைப் பத்தால் வகுக்க வைத்தால் பதினொன்றால் வகுத்துவிட்டு நிற்கும். நான் இதற்கெல்லாம் சர்க்யூட் சேர்ப்பதில்லை. பெட்டியின் மேல் ஒரு சார்ட் ஒட்டி, 16000-க்கு நேரே 3749 என்று அச்சடித்துவிடுவேன்.

இதுவரை சொன்னது 1 மெகாஹெர்ட்ஸ் கதை. ஒரு பல்ஸுக்கும் அடுத்த பல்ஸுக்கும் இடையே ஆயிரம் நானோநொடி இருக்கிறது. தவறாமல் கட்டினால் ஓடியே தீரும். கிரிஸ்டலை 10 மெகாஹெர்ட்ஸ் ஆக்கியதும் வேறு கதை தொடங்கியது. நான்கு சுற்றுப் படி போதாது, அரைச் சுற்றுப் படி வேண்டும் என்று யாரோ கேட்க, யாரோ செய்து கொடுத்திருந்தார்கள். ஸ்பிண்டில் வேகத்தை அரைச் சுற்றுக்குத் துல்லியமாகத் தெரிந்து என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. எப்படியோ, அந்தப் பெட்டி என் மேஜைக்கு வந்தது. நான்கு 161, மொத்தம் 65536 நிலை. 16000-க்கு 37500-ஆல் வகுக்க வேண்டும். ஏற்றும் எண் 28036. மேலிருந்து கீழாக 6, 13, 8, 4. இணைப்பும் மேலே சொன்னபடி சுத்தமாகவே இருந்தது.

காலையில் ஓடும், மதியம் ஓடாது என்பதுதான் புகார். ஓடாது என்றால் அணையாது. சாக்பீஸ் கோடு நின்றுகொண்டிருக்கும். திடீரென்று முக்கால் வட்டம் தாவி வேறோரிடத்தில் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தாவும். ஸ்பிண்டில் பின்னோக்கிப் போனால் கோடு நழுவிக்கொண்டே போகும், தாவாது. தாவுகிறது என்றால் கோளாறு விளக்கில்தான். எவ்வளவு தாவுகிறது என்பதே காரணத்தையும் சொல்லிவிடும். ஒருமுறை லோடு தவறினால் கவுண்டர் 28036-க்குப் போகாமல் பூஜ்யத்துக்குப் போகும். முழு 65536-ஐயும் எண்ணிவிட்டுத்தான் திரும்பும். 3.75 மில்லிநொடியில் மின்ன வேண்டியது 6.55 மில்லிநொடி கழித்து மின்னும். அதற்குள் ஸ்பிண்டில் ஒன்றேமுக்கால் சுற்று சுற்றியிருக்கும். அந்த முக்கால்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

லோடு ஏன் தவறுகிறது? டேட்டாஷீட் 74எல்எஸ்161 குறைந்தபட்சம் 25 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் என்கிறது. உண்மைதான், அது ஒற்றை ஐசிக்கு. நான்கைத் தொடுத்தால் கேரி நடக்க வேண்டிய தூரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். எல்லாம் அதிகபட்ச அளவில்: கிளாக் விளிம்பிலிருந்து கீழ் ஐசியின் கேரி வெளியே வர 35 நானோநொடி. அது இரண்டாவது ஐசியின் டி காலில் நுழைந்து கேரியாக வெளிவர 14. மூன்றாவதில் 14, நான்காவதில் 14. இன்வெர்ட்டரில் 15. லோடு காலில் அடுத்த விளிம்புக்கு 20 நானோநொடி முன்னதாகவே சிக்னல் வந்து நின்றிருக்க வேண்டும். கூட்டினால் 112. பத்து மெகாஹெர்ட்ஸில் கிடைப்பதோ 100.

அப்படியானால் காலையில் எப்படி ஓடியது? நான் சொன்னது அதிகபட்ச அளவு. சராசரி ஐசிகள் இதைவிட வேகமானவை. சராசரிக் கணக்கில் சுமார் 76 நானோநொடிதான் ஆகும். நான்கு சராசரி ஐசி அமைந்தால் பெட்டி வருடக்கணக்கில் ஓடும். ஒன்று மெதுவான ஐசியாக அமைந்தால் விளிம்போரத்தில் ஓடும். டேட்டாஷீட்டின் அளவுகள் 25 டிகிரி சூட்டுக்கும் சரியான 5 வோல்ட்டுக்கும் சொன்னவை. மே மாதத்து திண்டுக்கல் மதியத்தில், ஷெட்டுக்குள், மூடிய பெட்டிக்குள் 25 டிகிரிக்கு எங்கே போவது? லைன் வோல்டேஜ் சரிந்து ரெகுலேட்டர் 5 வோல்ட்டைப் பிடிக்கத் திணறும்போது இன்னும் கொஞ்சம் மந்தமாகும். லோடு சிக்னல் விளிம்பை ஒட்டி வந்தால் நான்கு ஐசிகளும் ஒரே முடிவுக்கு வரும் என்றும் சொல்ல முடியாது. ஒன்று ஏற்றிக்கொள்ளும், மற்றொன்று பூஜ்யத்துக்குப் போகும். அப்போது தாவல் முக்கால் வட்டமாகவும் இருக்காது, கணக்கில்லாமல் தாவும்.

இது நேரக் கோளாறுதானா, தளர்ந்த சோல்டரா என்று பிரிக்க ஒரு சோதனை உண்டு. கிரிஸ்டலைக் கழற்றி 1 மெகாஹெர்ட்ஸ் போட்டு, ஸ்விட்சை 3750-க்கு ஏற்றபடி மாற்றினால் விளக்கு அதே வேகத்தில்தான் மின்ன வேண்டும். ஹேர் டிரையரால் சூடேற்றியும் கோடு தாவவில்லை என்றால் கம்பிகள் எல்லாம் சரி, கேரிக்கு நேரம்தான் போதவில்லை. என் கடையிலிருந்த 20 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப்பில் இந்தப் பத்து இருபது நானோநொடிகளைப் பார்க்க முயல்வது வீண்வேலை.

ரிட்சி தெருவில் வேகமான 74எஃப் வரிசை ஐசிகளை வாங்கி மாற்றிவிடலாம். வாங்காமலும் சரிசெய்ய வழி உண்டு, அதற்காகத்தான் 161-ல் இரண்டு எனேபிள் கால் வைத்திருக்கிறார்கள். கீழ் ஐசி மட்டும்தான் ஒவ்வொரு பல்ஸுக்கும் மாறுகிறது. மற்ற மூன்றும் 16 பல்ஸுக்கு ஒருமுறைதான் மாறும். ஆகவே அவசரம் கீழ் ஐசியின் கேரிக்கு மட்டும். அதை இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஐசிகளின் பி கால்களுக்கு நேராகக் கொடுத்துவிட வேண்டும். இரண்டாவதன் டி கால் 5 வோல்ட்டில். அதன் கேரி மூன்றாவதன் டி-க்கு. மூன்றாவதன் கேரி நான்காவதன் டி-க்கு. இப்போது நான்காவதன் கேரி, ‘மேல் மூன்றும் 15-ல் நிற்கின்றன’ என்று மட்டும் சொல்கிறது. கீழ் ஐசியைப் பற்றி அதற்குத் தெரியாது. அதனால் லோடுக்கு அதை மட்டும் எடுத்தால் 15 பல்ஸ் முன்கூட்டியே வந்துவிடும். இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு நேண்ட் கேட்: ஒரு காலில் கீழ் ஐசியின் கேரி, மறு காலில் நான்காவதன் கேரி. இரண்டும் உயர்ந்தால் லோடு.

கணக்கு இப்போது: 35, நேண்டில் 15, லோடு முன்னேற்பாடு 20. மொத்தம் 70 நானோநொடி. மேல் ஐசிகளின் கேரி மெல்ல நடந்து வந்தாலும் கவலையில்லை; அது தேவைப்படும் நேரத்துக்குப் பதினைந்து பல்ஸ் முன்பே வந்து காத்திருக்கும். ஒரே ஒரு விதிவிலக்கு. ஏற்றும் எண்ணில் கீழ் ஐசிக்கு 15 விழுந்தால், ஏற்றிய அடுத்த பல்ஸிலேயே அது சுழன்றுவிடும். மேல் ஐசிகளுக்கு ஒரே ஒரு பல்ஸ் அவகாசம்தான். 28036-ல் கீழ் ஐசிக்கு 4 என்பதால் இங்கே அந்தத் தொல்லை இல்லை. அந்தப் பெட்டியில் நான் மாற்றியது நான்கைந்து கம்பிகளும் ஓர் ஐசியும்தான். மதியமும் ஓடியது.

மில்லை விட்டு வெளியே வந்தாலும் இதே வேலை நடந்துகொண்டிருக்கிறது. கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. டிஜிட்டல் டியூனர் ரேடியோ அதைப் பிடிக்க, வழக்கமான அமைப்பில், உள்ளே 10.7 கூட்டி 111.2 மெகாஹெர்ட்ஸில் ஓர் ஆசிலேட்டரை ஓட்டும். அதை 1112-ஆல் வகுத்து, கிரிஸ்டலிலிருந்து வந்த 100 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிட்டுப் பிடித்துவைக்கும். ஸ்டேஷன் மாற்றும் பட்டனை அழுத்தினால் மாறுவது ஏற்றும் எண் மட்டும்தான்.

இப்போது யாரும் நான்கு ஐசி தொடுப்பதில்லை, ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போதும். பாலிடெக்னிக் லேப்களில் கிடக்கும் 8052 வகையில் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால் உள்ளே டைமருக்குப் போவது 1 மெகாஹெர்ட்ஸ். டைமர் 16 பிட். 65536-ல் 3750 போனால் 61786. அதை இரண்டு பைட்டாக எழுதினால்:

```c
RCAP2H = 0xF1;
RCAP2L = 0x5A;
TR2 = 1;
```

கடைசி மூன்று இலக்கத்தைப் பாருங்கள்: 1, 5, 10. நாம் ஸ்விட்சில் வைத்த அதே 346. மேலே ஒரு 15 கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் டைமர் 0-ஐ 16 பிட்டில் ஓட்டி, இன்டரப்ட் வரும்போதெல்லாம் புரோகிராமில் அந்த எண்ணைத் திரும்ப எழுதுகிறவர்களிடம் விளக்கு வேகம் சற்றுக் குறைவாகவே வரும். இன்டரப்டுக்குள் நுழைந்து எழுதி முடிப்பதற்குள் சில பல்ஸ் ஓடிவிடும். அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்காது. 3750 சில சமயம் 3757 ஆகும், சில சமயம் 3760. டைமர் 2-ல் ஏற்றுவது ஹார்டுவேர். நிரம்பி வழியும் அதே விளிம்பில் ஏற்றிவிடும். 7493-க்கும் 161-க்கும் இருந்த அதே வித்தியாசம் சிலிக்கானுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

கையால் கட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 161, 163 எது கிடைத்தாலும் வாங்குங்கள். இரண்டுக்கும் கிளியர் காலில் மட்டும்தான் வித்தியாசம்; இங்கே அந்தக் கால் 5 வோல்ட்டில் கட்டிக் கிடக்கப்போகிறது. ஒவ்வொரு ஐசியின் சப்ளைக் காலடியிலும் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் போடுங்கள். கடைக்காரர் 161 இல்லை, 193 இருக்கிறது, அதுவும் ப்ரீசெட் கவுண்டர்தான் என்று சொன்னால் வாங்காதீர்கள். 193-ன் லோடு கிளாக்குக்காகக் காத்திருக்காது.